ஒரு எண் தள்ளிப்போன கன்பூசியஸ்

கன்பூசியஸை மேற்கோள் காட்டி மாட்டிக்கொள்ளப் பல வழிகள் உண்டு. அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லலாம். சொன்னதைத் தப்பாகச் சொல்லலாம். சொன்னதைச் சரியாகச் சொல்லிவிட்டு, எங்கே சொன்னார் என்பதில் கோட்டை விடலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, நடுவிலே ஒரு சொல்லுக்கு ஆசையாகத் தமிழ் போட்டு மொத்தத்தையும் கவிழ்க்கலாம். பத்தி எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதில் ஒன்றையும் நான் பாக்கி வைக்கவில்லை.

முதல் வகைதான் சுலபம் என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன். ஒரு பள்ளி ஆண்டு விழாவில், நெடும் பயணத்தையும் முதல் காலடியையும் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாசகத்தைக் கன்பூசியஸின் தலையில் கட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அது லாவோ ட்ஸுவின் பெயரில் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ நூலின் 64ஆம் பகுதியில் உள்ளது என்பது பிறகுதான் தெரிந்தது. சீனாவில் பழைய காலத்தில் யார் எது சொல்லியிருந்தாலும் கன்பூசியஸ் கணக்கில் வரவு வைப்பது உலக வழக்கம், நானும் உலகத்தோடு ஒட்ட ஒழுகினேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு ஒரு தீர்மானம் எடுத்தேன்: இனிமேல் எண் இல்லாமல் கன்பூசியஸை மேற்கோள் காட்டுவதில்லை.

நல்ல தீர்மானம்தான். அதனால்தான் இரண்டாவது வம்பு வந்தது.

கன்பூசியஸின் பேச்சுகளும் அவருடைய சீடர்களின் பேச்சுகளும் தொகுக்கப்பட்ட நூலுக்கு ‘லுன் யூ’ என்று பெயர். கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தவர் கன்பூசியஸ். இந்த நூலில் ஒரு வரிகூட அவர் கையால் எழுதியதில்லை. சீடர்களும் சீடர்களின் சீடர்களும் சேர்த்து வைத்ததுதான். மொத்தம் இருபது பாகம். ஒவ்வொரு பாகத்திலும் சின்னச் சின்னப் பகுதிகள். சில பகுதி ஒரே வரி, சிலது அரைப் பக்கம். பாகத்துக்கு ஓர் எண், ஒரு புள்ளி, பிறகு பகுதியின் எண்: 12.22 என்றால் பன்னிரண்டாம் பாகத்தில் இருபத்திரண்டாம் பகுதி. இவ்வளவுதான் விஷயம். குறள் எண் சொல்லிச் சொல்லிப் பழகிய எனக்கு இது ரொம்பவும் பிடித்துப்போனது. எண்ணைச் சொன்னால் வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதிருப்பது பற்றி லுன் யூவில் ஒரு புகழ்பெற்ற இடம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க ஒரே ஒரு சொல் உண்டா என்று ஸி கோங் என்ற சீடர் கேட்க, ‘ஷு’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்து, கன்பூசியஸ் இந்த விளக்கத்தைத் தருகிறார். இதைப் பத்தியில் எழுதி, ஓரத்தில் கம்பீரமாக 15.23 என்று எண்ணும் போட்டேன். அடுத்த வாரம் ஒரு வாசகர் கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கையெழுத்தே மிரட்டியது. “தாங்கள் குறிப்பிட்ட 15.23ஐ எடுத்துப் பார்த்தேன். அங்கே தாங்கள் சொன்ன செய்தி இல்லை. உயர்ந்த மனிதன் பேச்சை மட்டும் பார்த்து ஆளை உயர்த்த மாட்டான், ஆளைப் பார்த்து அவன் பேச்சைத் தள்ளவும் மாட்டான் என்கிற கருத்துதான் இருக்கிறது. மூலத்தைப் பார்க்காமல் எழுதுவதைத் தவிர்க்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. மூலத்தைப் பார்த்துத்தானே எழுதினேன்! என் புத்தகத்தில் 15.23 என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. “தங்களிடம் இருப்பது பிழையான பதிப்பாக இருக்கலாம்” என்று இரண்டே வரியில் பதில் போட்டேன். பேசியவர் யாரென்று பார்த்துப் பேச்சைத் தள்ளக்கூடாது என்ற பகுதியை எடுத்துக்காட்டியவருக்கு நான் செய்த மரியாதை அது.

அவரும் விடவில்லை. தன் புத்தகத்தின் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினார். அவருடையது டி. சி. லாவ் 1979இல் பெங்குவின் வரிசைக்காகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. என்னுடையது ஜேம்ஸ் லெக் 1861இல் ஹாங்காங்கில் முதன்முதலாக வெளியிட்டு, 1893இல் திருத்தி வெளியிட்ட மொழிபெயர்ப்பின் மறு அச்சு. லெக்கில் 15.23, லாவில் 15.24. இரண்டிலும் அச்சுப் பிழை இல்லை. இரண்டு பேரும் சரி. தப்பு செய்தவன், பதில் கடிதம் எழுதிய நான் மட்டும்தான்.

ஒரு எண் எங்கே தள்ளிப்போனது என்று கண்டுபிடிக்க, பதினைந்தாம் பாகத்தின் தலையிலிருந்து இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. வெய் நாட்டுக் கோமகன் லிங், படை அணிவகுப்பைப் பற்றிக் கேட்கிறான். சடங்குப் பாத்திரங்களைப் பற்றி எனக்குத் தெரியும், படை விஷயம் நான் கற்றதில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாளே கன்பூசியஸ் ஊரைவிட்டுக் கிளம்புகிறார். அடுத்தபடியாக சென் நாட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் சீடர்கள் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறார்கள். அவர்களில் ஸி லூ கோபத்தோடு, உயர்ந்தவனுக்கும் இந்தக் கதி வருமா என்று கேட்கிறார். லெக்கின் கணக்கில் இவ்வளவும் ஒரே பகுதி: வெய்யிலிருந்து கிளம்பினார், சென்னில் பட்டினி கிடந்தார், ஒரே பயணக் கதை. லாவின் கணக்கில் கிளம்பியது வரை 15.1, பட்டினி 15.2. அந்த இடத்தில் ஓர் எண் கூடியது. அதற்குப் பிறகு வரும் பகுதிகள் எல்லாம் ஒவ்வோர் எண்ணாகத் தள்ளி உட்கார்ந்துவிட்டன. லெக்கில் அந்தப் பாகம் 41 பகுதி. இன்றைக்குச் சீனாவிலேயே பெரிதும் புழங்குகிற, யாங் போஜுன் உரையுடன் 1958இல் வந்த பதிப்பில் 42.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எண் கன்பூசியஸ் போட்டதில்லை, தொகுத்தவர்கள் போட்டதும் இல்லை. பழைய நூலில் எழுத்துகள் வரிசையாக ஓடுகின்றன, அவ்வளவே. ஒரு பேச்சு எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பதைத் தீர்மானித்தவர்கள் உரைகாரர்கள். லெக் பெரும்பாலும் பின்பற்றியது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரிய உரையாசிரியரான ஜூ ஷியை. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் சில இடங்களில் வேறு மாதிரி வெட்டினார்கள். ஆகவே 15.1க்கும் 15.2க்கும் நடுவில் கோடு போடுவது ஒரு கருத்தைச் சொல்வது: இந்தப் பட்டினி, அந்தக் கேள்வியின் விளைவா, அல்லது தனிக் கதையா? குறளிலும் அதிகாரத்துக்குள் பாடல்களின் வரிசை மணக்குடவரிடம் ஒரு மாதிரி, பரிமேலழகரிடம் ஒரு மாதிரி. நாம் பரிமேலழகர் வரிசையை ஏற்றுக்கொண்டு எண் போட்டுவிட்டதால் அந்தச் சண்டை வெளியே தெரிவதில்லை. லுன் யூவுக்கு அப்படி ஒரே பரிமேலழகர் வாய்க்கவில்லை.

ஆசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதில் என் புது ஞானத்தையும் காட்ட வேண்டும் என்ற ஆசையில், “எனவே எப்போதும் ஓர் எண் கூட்டிப் பார்த்தால் போதும்” என்று ஒரு விதியையும் சேர்த்து அனுப்பினேன். மன்னிப்புக் கடிதத்திலேயே அடுத்த பிழை.

ஏனென்றால் தள்ளிப்போகும் அளவு பாகத்துக்குப் பாகம் மாறும். இரண்டாம், நான்காம், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் பாகங்களில் லெக்கும் யாங் போஜுனும் ஒரே கணக்கு. ஐந்தாம் பாகத்தில், கன்பூசியஸ் தன் மகளையும் அண்ணன் மகளையும் யாருக்குக் கட்டிக்கொடுத்தார் என்ற இரண்டு சேதியையும் லெக் ஒரே பகுதியாக வைக்கிறார், மற்றவர் இரண்டாக்குகிறார். உடனே ஓர் எண் தள்ளுகிறது. ஆறாம் பாகத்தின் தொடக்கத்தில் இப்படி இரண்டு இடம் உண்டு. அதனால் லெக்கின் 6.20, யாங் போஜுனிடம் 6.22. பத்தாம் பாகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது உரையாடல் இல்லை. கன்பூசியஸ் எப்படி நடந்தார், எப்படி உட்கார்ந்தார், எதைச் சாப்பிட்டார், எதைத் தொடவில்லை என்று போகும் வர்ணனை. கேள்வியும் பதிலும் இருந்தால் வெட்டுவதற்கு ஓர் இடம் கிடைக்கும். சாப்பாட்டுப் பட்டியலை எங்கே வெட்டுவது? லெக்கில் அது 18 பகுதி, யாங் போஜுனிடம் 27. அந்தப் பாகத்திலிருந்து வெறும் எண்ணை மட்டும் கொடுப்பது, தெருப் பெயர் இல்லாமல் கதவிலக்கம் கொடுப்பது போலத்தான்.

எண்ணை விட்டுவிட்டுச் சீனர்கள் செய்வது போலச் செய்யலாமே என்று அடுத்து நினைத்தேன். சீனக் கட்டுரைகளில் பெரும்பாலும் எண் இருக்காது. நூலின் பெயர், பாகத்தின் பெயர், அவ்வளவுதான். என் இடத்துக்குப் பாகத்தின் பெயர் ‘வெய் லிங் கோங்’. வெய் நாட்டுக் கோமகன் லிங் என்று பொருள். பார்த்தவுடன், ஆஹா, அரசனுக்குச் சொன்ன அறிவுரைகள் அடங்கிய பாகம் என்று முடிவு கட்டி, “கோமகன் லிங்கிடம் கன்பூசியஸ் கூறிய பொன்மொழி” என்று இன்னொரு பத்தியில் எழுதினேன்.

கோமகன் அந்தப் பாகத்தில் முதல் பகுதியில் தலைகாட்டிக் கேள்வி கேட்பதோடு சரி. அதுவும் கேள்வி பிடிக்காமல் கன்பூசியஸ் மறுநாளே போய்விட்டார் என்பதை நான்தான் மேலே சொன்னேன். லுன் யூவில் பாகங்களின் பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது. முதல் பகுதியில் “கன்பூசியஸ் சொன்னார்” என்பதைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் இரண்டு மூன்று எழுத்துகளை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். முதல் பாகத்தின் பெயர் ‘ஷுவே அர்’. ‘கற்று, பிறகு’ என்று அரை வாக்கியம். ஏழாம் பாகம் ‘ஷு அர்’, அதுவும் அந்தரத்தில் நிற்கும் அரை வாக்கியம்தான். பன்னிரண்டாம் பாகத்துக்கு ‘யான் யுவான்’ என்று பெயர், ஏனென்றால் அவர்தான் அங்கே முதல் கேள்வி கேட்டவர். பெயர் இருப்பது தேடிப்பிடிக்க. படித்துப் பொருள் கொள்ள இல்லை.

இதற்குள் எண் விவகாரத்தில் எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. பதிப்பின் பெயரைச் சொல்லி எண்ணைச் சொல்ல வேண்டும். கூடவே யார் கேட்டது என்றும் சொல்லிவிட்டால், எண் இரண்டு தள்ளியிருந்தாலும் வாசகர் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார். இனி யாரும் என்னை அசைக்க முடியாது என்ற நிலையில்தான் சொற்களிடம் மாட்டினேன்.

முதலில் ‘லி’. கன்பூசியஸின் முக்கியமான சொற்களில் ஒன்று. சடங்கு, முறை, மரியாதை, நடத்தை எல்லாம் சேர்ந்தது. என் குறிப்பேட்டில் “லி = சடங்கு, முறைமை” என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அப்புறம் 4.16க்கு வந்தேன். நல்ல வேளையாக இந்த எண்ணில் தகராறு இல்லை. உயர்ந்தவனுக்கு ‘யீ’ புரியும், சிறியவனுக்கு ‘லி’ புரியும் என்ற பொருளில் போகிறது அது. யீ என்பது நேர்மை. அப்படியானால் சடங்கு தெரிந்தவன் சிறியவனா? கன்பூசியஸ் கடைசியில் சடங்கையே தூக்கி எறிந்துவிட்டார், இதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று எனக்குப் புல்லரித்தது. ஒரு முழுப் பத்தியே எழுதி முடித்தேன்.

அச்சுக்கு அனுப்புமுன் எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டியதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அவள் முறையாகச் சீனம் படித்தவள். இரண்டு வரி படித்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அங்கிள், ரெண்டு லியும் வேற வேற.”

“ஒரே மாதிரிதானே எழுதியிருக்கான்?”

“நீங்க தமிழ்ல எழுதினா ஒரே மாதிரி. அது மூணாவது தொனி, இது நாலாவது. எழுத்தே வேற. அது சடங்கு, இது லாபம்.”

ஒரு காகிதத்தில் இரண்டையும் எழுதிக் காட்டினாள். ஒன்று கோடுகளும் பெட்டிகளுமாகத் தேர் மாதிரி இருந்தது. இன்னொன்று சின்னது. அதன் பாதி நெற்கதிர், மறுபாதி கத்தி என்றாள். அறுவடை செய்தால் லாபம்தானே. சிறியவனுக்கு லாபம்தான் புரியும் என்று கன்பூசியஸ் சொன்னதில் ஒரு புரட்சியும் இல்லை. புரட்சி செய்தது என் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு. அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

கிழிக்க முடியாதபடி அச்சில் ஏறிவிட்டது ‘ரென்’ விவகாரம். லுன் யூவில் நூறு தடவைக்கு மேல் வருகிற சொல் அது. மனிதன் என்பதைக் குறிக்கும் சொல்லும் ரென் என்றே ஒலிக்கும். இந்த ரென்னின் எழுத்தில் பக்கவாட்டில் மனிதன், அருகே இரண்டு என்ற எண். இரண்டு மனிதர், நடுவே என்ன இருக்கும்? அன்பு! ரென் என்றால் அன்பு என்று எழுதிவிட்டேன். 12.22 எனக்குச் சாட்சி: ஃபான் ச்சி என்ற சீடர் ரென் என்றால் என்ன என்று கேட்கிறார், மனிதர்களிடம் அன்பு செலுத்துவது என்று கன்பூசியஸ் பதில் சொல்கிறார். இதைவிட என்ன வேண்டும்? அடுத்தடுத்த பத்திகளில் ரென் வருகிற இடமெல்லாம் தயங்காமல் அன்பு என்று போட்டேன்.

4.3இல் முதல் அடி விழுந்தது. ரென் உள்ளவனால்தான் மனிதர்களை விரும்பவும் முடியும், வெறுக்கவும் முடியும் என்கிற பொருள் அங்கே. என் கணக்குப்படி, வெறுக்கத் தெரிந்தவன் அன்புள்ளவன் மட்டுமே என்று ஆனது. ஒரு வாசகர் தொலைபேசியில் கூப்பிட்டு, “சார், இது மாமியார் மருமகளுக்குச் சொன்னதா?” என்று கேட்டார். 12.3இல் இரண்டாவது அடி. ஸிமா நியூ என்ற சீடர் ரென்னைப் பற்றிக் கேட்கிறார். ரென் உள்ளவன் பேச்சில் தயங்குவான் என்கிறார் கன்பூசியஸ். அன்புள்ளவன் ஏன் திக்க வேண்டும்? நான் அதற்கும் ஒரு விளக்கம் எழுதினேன்: அன்பு மிகுந்தால் பேச்சு வராது என்று. சினிமாவில் பார்த்திருக்கிறோமே.

உண்மை வேறு இடத்தில் இருந்தது. அங்கே ‘தயங்கிப் பேசுதல்’ என்பதற்குக் கன்பூசியஸ் சொன்ன சொல்லும் ரென்தான். தொனியும் எழுத்தும் வேறு, காதுக்கு ஏறக்குறைய ஒன்று. ரென் என்றால் என்ன என்று கேட்டவனிடம் ரென் என்று சிலேடையாகத் திருப்பிக் கொடுக்கிறார். அந்தச் சிலேடையை எந்த மொழிபெயர்ப்பும் காப்பாற்றியதாக நான் பார்க்கவில்லை. இன்னொன்று: ஸிமா நியூ வாயாடி, படபடப்பானவர் என்று சீனத்தின் பெரிய வரலாற்றாசிரியர் ஸிமா ச்சியென் எழுதி வைத்திருக்கிறார். வாயாடிக்குச் சொன்ன பதில் அது. ரென்னுக்கு இலக்கணம் சொல்லவில்லை, எதிரில் நின்றவரின் குறைக்கு மருந்து சொன்னார்.

இதை உறுதி செய்ய ஃபான் ச்சியிடமே திரும்பிப் போனேன். பாவம், அவர் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டவர். 6.22இல் (லெக்கில் 6.20) கேட்டபோது, கஷ்டமானதை முதலில் செய்துவிட்டுப் பலனைப் பிறகு பார்ப்பது ரென் என்று பதில். 12.22இல் கேட்டபோது, மனிதர்களிடம் அன்பு. 13.19இல் கேட்டபோது, வீட்டில் பணிவு, வேலையில் கவனம், பிறரோடு பழகுவதில் உண்மை, அயலார் நாட்டுக்குப் போனாலும் இதைக் கைவிடாதிருப்பது. ஒரே ஆள், ஒரே கேள்வி, ஒரே சொல், மூன்று பதில். நான் நடுவில் இருந்த ஒரு பதிலை மட்டும் எடுத்து அகராதி ஆக்கிவிட்டேன்.

சரி, பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். லெக், இடத்துக்கு இடம் சொல்லை மாற்றினார். ஃபான் ச்சி கேட்ட மூன்றில், முதலிலும் கடைசியிலும் ‘முழு நற்பண்பு’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தொடர், நடுவில் ‘கருணை’ என்ற பொருளில் வேறொரு சொல். ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் படித்தால் இயல்பாக இருக்கிறது. ஆனால் ஃபான் ச்சி மூன்று முறையும் ஒன்றையே கேட்டார் என்பது லெக்கை மட்டும் படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆர்தர் வேலி 1938இல் செய்த மொழிபெயர்ப்பில் ‘நன்மை’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டார். லாவும் அப்படித்தான், ‘கருணை’ என்ற ஒரே சொல். இவர்களிடம் கேள்வி ஒன்றுதான் என்பது தெரிகிறது. ஆனால் பேச்சில் தயங்குவது எப்படிக் கருணையாகும் என்று வாசகர் விழிக்க வேண்டும். சொல்லை மாற்றினால் ஒருமை போகிறது, மாற்றாவிட்டால் வாக்கியம் நொண்டுகிறது. இரண்டில் எதை இழப்பது என்பதுதான் ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் எடுக்கிற முடிவு.

இதில் கன்பூசியஸின் பங்கும் உண்டு. அவர் கைக்கு வந்தபோதே ரென் நகர்ந்துகொண்டிருந்த சொல். அவருக்கு முந்திய பழைய பாடல் தொகுப்பில், வேட்டை நாய்களோடு போகும் ஓர் இளைஞனை அழகன் என்றும் ரென் உடையவன் என்றும் ஒரே மூச்சில் புகழ்கிறார்கள். அங்கே அது ஆண்மையும் மிடுக்கும் கலந்த குலப் பெருமை போலத்தான் தொனிக்கிறது. அந்தச் சொல்லை எடுத்து, யார் வேண்டுமானாலும் முயன்று அடையக்கூடிய, ஆனால் யாரும் அடைந்துவிட்டதாக அவர் லேசில் ஒப்புக்கொள்ளாத ஒன்றாக மாற்றினார். அதே சமயம் அது என்ன என்று நேராக ஓர் இடத்திலும் வரையறுக்கவில்லை. 9.1இல் அவர் ரென்னைப் பற்றி அரிதாகவே பேசினார் என்று வேறு எழுதியிருக்கிறது. நூறு இடத்தில் வரும் சொல்லை அரிதாகப் பேசினாரா என்று உரைகாரர்கள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு சிவப்பு மைப் பேனாவை வைத்துக்கொண்டு ஒரே மாலையில் முடித்திருந்தேன்.

தமிழில் என்ன போடலாம் என்று இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறேன். அன்பு என்றால் 12.22 வாழும், 4.3 சாகும். அருள் என்றால் மேலிருந்து கீழே இறங்குகிற வாசனை வருகிறது. சால்பு 4.3க்கும் 13.19க்கும் அழகாகப் பொருந்துகிறது. சான்றாண்மை உள்ளவனுக்குத்தான் யாரை ஏற்பது, யாரைத் தள்ளுவது என்று தெரியும் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் 12.22இல் ‘சால்பு என்பது மனிதரிடம் அன்பு’ என்று போட்டால் கன்பூசியஸ் திருக்குறளுக்கு உரை எழுதுவது போல ஆகிவிடுகிறது. அது மட்டுமில்லை, ‘ஜுன்ஸி’ என்ற உயர்ந்த மனிதனைச் சான்றோன் என்று நான் ஏற்கெனவே எழுதித் தொலைத்துவிட்டேன். சீனத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சொல்லைத் தமிழில் ஒரே வேரில் கட்டினால், அங்கே இல்லாத உறவு இங்கே முளைத்துவிடும்.

மொழிபெயர்க்காமல் ரென் என்றே விட்டும் பார்த்தேன். லி விவகாரத்தில் பட்டது போதாதா? தமிழ் எழுத்தில் மனிதனும் ரென், பண்பும் ரென், தயங்கிப் பேசுவதும் ரென். எதிர்வீட்டுப் பெண் படித்துவிட்டு, “இதுக்கு நீங்க அன்புன்னே போட்டிருக்கலாம் அங்கிள்” என்றாள்.

இப்போதைக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் தடவை வரும்போது ரென் என்று எழுதி, இந்த இடத்தில் என்ன பொருள் என்று பக்கத்திலேயே தமிழில் சொல்வது. அடுத்த இடத்தில் பொருள் மாறினால் மாற்றிச் சொல்வது. ஆனால் ரென் என்ற சொல்லை மறைக்காமல் கூடவே வைத்திருப்பது. எண்ணைப் பொறுத்தவரை, யார் கேட்டது என்ற விவரத்தோடு 15.24 (லெக் பதிப்பில் 15.23) என்று இரண்டையும் கொடுப்பது. கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் வாசகர் தானே போய்ச் சரிபார்க்கலாம்.

இந்த முறையில், ரென் ஏன் வெறும் அன்பு இல்லை என்று விளக்கி ஒரு நீண்ட பத்தி எழுதி அனுப்பினேன். இதழ் வந்தது. தலைப்பை ஆசிரியர் குழு மாற்றியிருந்தது: ‘அன்பே கன்பூசியஸ்!’ உள்ளே 6.22 என்ற எண் சரியாக அச்சாகியிருந்தது. எந்தப் பதிப்பின் எண் என்ற அடைப்புக்குறியை மட்டும், இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள்.